சித்தியிடம் எத்தனை சதவீதம் என்று சொல்வது?

“கோவை சரவணம்பட்டியில் எட்டு வருடப் பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று 48 லட்சத்துக்கு வந்திருக்கிறது. இப்போது 16,000 ரூபாய் வாடகைக்குப் போகிறது. என்னிடம் 28 லட்சம் இருக்கிறது. மீதி 20 லட்சத்தைச் சித்தி தருவதாகச் சொல்கிறார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 64. பணம் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்கு இரண்டரை வருடமாக இருக்கிறது. ‘வாடகை 4, விலை ஏற்றம் 5, ஆக மொத்தம் 9 சதவீதம் வரும்’ என்கிறார் தரகர். கிராஸ் ரென்டல் யீல்டு 4 என்றும் சொன்னார். அது என்ன கணக்கு? சித்தியிடம் 9 சதவீதம் என்று சொல்லலாமா?”
— ஒரு வாசகர், கோவை

சொல்லக்கூடாது. தரகர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன 4 ஒரு வேலைக்கான எண், நீங்கள் அதைக் கொண்டு செய்யப் பார்ப்பது வேறு வேலை.

கிராஸ் ரென்டல் யீல்டு என்பதை மொத்த வாடகை ஈவு என்று சொல்லலாம். ஒரு வருட வாடகையை வீட்டின் விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் அது வந்துவிடும். மாதம் 16,000 என்றால் வருடத்துக்கு 1,92,000. அதை 48 லட்சத்தால் வகுத்தால் சரியாக 4 சதவீதம். வேறு எதுவும் அதில் கிடையாது. வீடு ஒரு நாள்கூடக் காலியாக இருக்காது, ஒரு ரூபாய்கூடச் செலவாகாது, வாங்கும்போது விலைக்கு மேல் எதுவும் கட்ட வேண்டாம் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது.

அப்படியானால் இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வீட்டையும் வீட்டையும் ஒப்பிட இது நல்ல அளவுகோல். அதே பகுதியில் 60 லட்சம் கேட்கும் இன்னொரு ஃபிளாட் 17,000-க்குத்தான் வாடகை போகிறது என்றால் அதன் ஈவு 3.4. நேரில் போய்ப் பார்க்கும் முன்பே, வாடகைக்காக வாங்குபவருக்கு முதல் வீடுதான் மேல் என்று தெரிந்துவிடும். பத்து வீட்டுப் பட்டியலை மூன்றாகக் குறைக்க இந்த எண் போதும். அதை வட்டி விகிதத்தோடு ஒப்பிட்டால்தான் தவறு. போஸ்ட் ஆபீஸ் தரும் 8.2, சித்தி கையில் வந்து சேரும் பணம். தரகர் சொல்லும் 4, குடியிருப்பவர் கையிலிருந்து கிளம்பும் பணம். நடுவில் பல கைகள் இருக்கின்றன.

அந்த 4-ஐயே முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 16,000 என்பதில் அசோசியேஷன் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா? மாதம் 2,000 ரூபாய் உள்ளடக்கம் என்றால் உண்மையான வாடகை 14,000-தான், ஈவு உடனே 3.5-க்கு இறங்கிவிடும். வாடகை ஒப்பந்தத்தை வாங்கித் தேதியைப் பாருங்கள். வீட்டை விலைக்குச் சொன்ன பிறகு, போன மாதம் எழுதிய ஒப்பந்தம் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அதே பிளாக்கில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் அவர்கள் என்ன வாடகை தருகிறார்கள் என்று கேளுங்கள். காவலாளியிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். விற்பவர், ‘எனக்கு 7 சதவீதம் வருகிறதே’ என்று சொன்னால் மயங்க வேண்டாம். அவர் எட்டு வருடத்துக்கு முன் 27 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் அவருக்கு 7 வரத்தான் செய்யும். உங்களுடைய வகுக்கும் எண் அவருடையது அல்ல, நீங்கள் கொடுக்கப்போகும் பணம்.

அந்தப் பணம் 48 லட்சமும் அல்ல. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். கைமாறி வரும் பழைய ஃபிளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிரய விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இதைக் கட்ட வேண்டும். 48 லட்சத்தின் மேல் என்றே வைத்தாலும் 4,32,000 ரூபாய். தரகருக்கு ஒரு சதவீதம், 48,000. வக்கீல் பார்வைக்கும் பத்திரம் எழுதவும் 20,000 என்று வைக்கிறேன். எட்டு வருட ஃபிளாட்டுக்குப் பெயின்ட், குழாய், கதவு வேலை என்று ஒரு லட்சமாவது ஆகும். எல்லாம் சேர்த்தால் 54 லட்சம். நீங்களும் சித்தியும் சேர்ந்து வைத்திருப்பது 48. இடைவெளியான 6 லட்சம் எங்கிருந்து வரும், யார் பங்கில் ஏறும் என்பதைச் சித்தியிடம் பேசும் முன் நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.

இப்போது கையில் நிற்பது எவ்வளவு என்று பார்ப்போம். குடியிருப்பவர் மாறும்போது வீடு ஒன்றிரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். சராசரியாக வருடத்தில் 11 மாத வாடகைதான் கிடைக்கும் என்று வைக்கிறேன், 1,76,000 ரூபாய். சொத்து வரிக்கு 5,000. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய ஆளைக் கொண்டுவரும் தரகருக்கு ஒரு மாத வாடகை, அதாவது வருடத்துக்கு 8,000. மோட்டார், தண்ணீர்க் கசிவு, அசோசியேஷன் திடீரென்று கேட்கும் லிஃப்ட் செலவு என்று 15,000. இவை என் அனுமானங்கள். சொத்து வரி ரசீதையும் அசோசியேஷன் கணக்கையும் வாங்கி உங்கள் எண்களை வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் மிஞ்சுவது 1,48,000. அதை 54 லட்சத்தால் வகுத்தால் 2.7 சதவீதம். இதுதான் நிகர வாடகை ஈவு. வருமான வரி இன்னும் கழிக்கவில்லை.

குடியிருப்பவர் தரும் அட்வான்ஸை இதில் சேர்க்காதீர்கள். சில தரகர்கள் அதை விலையில் கழித்து ஈவை உயர்த்திக் காட்டுவார்கள். அது திருப்பித் தர வேண்டிய கடன்.

அடுத்து விலை ஏற்றம். 4-ஐயும் 5-ஐயும் கூட்டி 9 என்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 5 வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவோம். ஏறுவது 48 லட்சம், நீங்கள் போட்டதோ 54. வருடம் 5 சதவீதம் ஏறினால் முதல் வருட முடிவில் 50.4 லட்சம், இரண்டாம் வருடம் 52.9, மூன்றாம் வருடம்தான் 55.6. அதாவது போட்ட முதலைத் தொடவே மூன்றாவது வருடம் ஆகிவிடும். ஐந்தாம் வருட முடிவில் 61 லட்சத்து 26 ஆயிரம். விற்கும்போது தரகருக்கு ஒரு சதவீதம் போனால் கைக்கு 60 லட்சத்து 65 ஆயிரம். ஐந்து வருட நிகர வாடகையையும் சேர்த்து மொத்த வருமானத்தைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் வருகிறது. வாடகையையும் வருடாவருடம் 5 சதவீதம் கூட்டினால் இன்னொரு கால் சதவீதம் ஏறும், அவ்வளவுதான். தரகர் சொன்னபடியே எல்லாம் நடந்தும் 9 என்பது 5 ஆகிவிடுகிறது. அதிலும் அந்த விலை ஏற்றம் உறுதி அல்ல. ஃபிளாட்டில் ஏறுவது உங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத மனையின் விலை. கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகிக்கொண்டே போகும். வாங்கும்போது எட்டு வருடமான கட்டடம், நீங்கள் விற்கும்போது பதின்மூன்று வருடக் கட்டடம்.

சித்திக்கு இது ரூபாயில் என்ன? கூடுதல் 6 லட்சத்தை நீங்களே போடுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் முதல் 34, அவருடையது 20, அவர் பங்கு 54-இல் 20, அதாவது 37 சதவீதம். வருடத்துக்கு நிகர வாடகையில் அவருக்கு வருவது ஏறத்தாழ 54,800. மாதத்துக்கு நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். இப்போது அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வருகிறது, வருடத்துக்கு 1,64,000. முன்கூட்டி எடுத்தால் இரண்டு வருடம் தாண்டியதால் ஒரு சதவீதம், அதாவது 20,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் எண்ணியிருக்கும் 20 லட்சம் கைக்கு வரும்போது 19 லட்சத்து 80 ஆயிரம்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு தரகர் சொன்ன விலைக்கே விற்றால், வாடகையும் சேர்த்துச் சித்திக்கு மொத்தம் 25 லட்சத்து 20 ஆயிரம். போஸ்ட் ஆபீஸிலேயே இதே வட்டி தொடர்ந்தால் 28 லட்சத்து 20 ஆயிரம். இரண்டும் சமமாக வேண்டுமானால் வீட்டின் விலை வருடம் தவறாமல் ஏழரை சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். போஸ்ட் ஆபீஸ் வட்டி வரிக்குரியது. வாடகையில் கட்டிய சொத்து வரி போக, மிச்சத்தில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் வரி. அந்த அளவில் வீட்டுக்குச் சாதகம் உண்டு. ஆனால் மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் குறையும் வித்தியாசத்தை அது மூடாது.

என் தொழிலில் உறவினர்கள் சேர்ந்து வாங்கிய வீடுகளின் கணக்கை நிறையப் பார்த்திருக்கிறேன். என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. பெரியம்மா மகனோடு சேர்ந்து ஒரு வீடு வாங்கியபோது ‘ஏழு சதவீதம் வரும் அண்ணா’ என்று சொல்லிவிட்டேன். விலை ஏற்றத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் அதை மாத வருமானம் என்று புரிந்துகொண்டார். வீட்டால் எங்களுக்கு நட்டம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த ஏழு பேச்சில் வந்தது. நான் எண்ணைச் சொன்னேனே தவிர, அது எதன் எண், எப்போது கைக்கு வரும் என்று சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, சித்தியிடம் சதவீதத்திலேயே பேசாதீர்கள். ரூபாயில் பேசுங்கள். வாடகையையும் விலை ஏற்றத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள், ஒன்றோடொன்றைக் கூட்டவும் வேண்டாம். வாடகைக்கு ஒரே எண்ணைத் தராமல், நல்ல வருடம், சாதாரண வருடம், மோசமான வருடம் என்று மூன்றாகச் சொல்லுங்கள். வீடு காலியே ஆகாமல், சொத்து வரியையும் சேர்த்து மொத்தச் செலவு 15,000-க்குள் அடங்கிய வருடம் அவருக்கு 65,000 வரும். மூன்று மாதம் பூட்டிக் கிடந்து, தரகருக்கு ஒரு மாதம் கொடுத்து, பெயின்ட்டும் மோட்டாருமாக 45,000 ஆன வருடம் 29,000-தான் வரும்.

வாயால் சொன்னது நாளாக நாளாக உருமாறும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“சித்திக்கு வணக்கம். வீடு விஷயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டின் விலை 48 லட்சம். பத்திரச் செலவும் வேலையும் சேர்த்து 54 லட்சம் ஆகிறது. நீங்கள் 20, நான் 34. வாடகையில் செலவு போக உங்களுக்குச் சாதாரணமாக வருடம் 55,000 வரலாம். நல்ல வருடம் 65,000, வீடு காலியாகக் கிடந்தால் 29,000. இது மாதாமாதம் ஒரே மாதிரி வராது. இப்போது போஸ்ட் ஆபீஸில் உங்களுக்கு வருவது வருடம் 1,64,000, அதைவிட இது மிகவும் குறைவு. வீட்டு விலை ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். அதை நான் வருமானமாகச் சொல்லவில்லை. ஏறினாலும் விற்கும் நாளில்தான் கைக்கு வரும். வருடம் 5 சதவீதம் ஏறினால்கூட, ஐந்து வருடத்தில் உங்களுக்கு வருவது போஸ்ட் ஆபீஸில் வருவதைவிட ஏறக்குறைய 3 லட்சம் குறைவு. உங்களுக்குத் திடீரென்று பணம் தேவைப்பட்டால் வீட்டிலிருந்து பாதியை மட்டும் எடுக்க முடியாது. விற்க ஆறு மாதம்கூட ஆகலாம். இதெல்லாம் தெரிந்த பிறகு நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

இதைப் படித்தால் சித்தி மறுத்துவிடுவாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். மறுத்தால், அது அவர் எடுக்க வேண்டிய முடிவுதான். வெளிப்படையாகச் சொல்கிறேன்: மாத வருமானத்தை நம்பி இருக்கும் 64 வயதுக்காரரின் 20 லட்சத்துக்கு இந்த ஃபிளாட் பொருத்தமான இடம் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு, பதினைந்து வருடம் வீட்டைத் தொடாமல் வைத்திருக்கக்கூடிய உங்களுக்கு அது சரியாக இருக்கலாம். அதே வீடு, அதே ஈவு, ஆனால் இருவரின் தேவை வேறு.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். சித்தியைச் சம்மதிக்க வைக்க, ‘மாதம் 13,000 நான் தந்துவிடுகிறேன் சித்தி’ என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடு அவர் பங்குக்குத் தருவது 4,500. மீதி 8,500 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அதை வாடகை என்ற பெயரில் கொடுத்தால் அவருக்கு வீட்டின் உண்மை நிலை தெரியாமலே போய்விடும். நீங்கள் ஒரு மாதம் நிறுத்தினால், ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். அவருக்கு நிச்சயத் தொகை தரத்தான் வேண்டும் என்றால் அது கூட்டு அல்ல, கடன். கடனென்றே எழுதி, வட்டி இவ்வளவு, திருப்பும் தேதி இது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் தெரிந்தும் சித்தி சேர்ந்தே வாங்கலாம் என்றால், கிரயப் பத்திரத்தில் அவர் பெயரும் வர வேண்டும், பங்கும் வர வேண்டும். பங்கு எழுதாமல் விட்டு, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்றும் இல்லாமல் போனால், சட்டம் இருவருக்கும் சமபங்கு என்றே எடுத்துக்கொள்ளும். பங்கு தெளிவாக இருந்தால் வாடகை வருமானத்தையும் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கில் காட்டி வரி கட்டலாம். அவர் பணம் அவர் வங்கிக் கணக்கிலிருந்து நேராக விற்பவருக்குப் போகட்டும், உங்கள் கணக்கு வழியாக வேண்டாம்.

பங்கை எப்படி எழுதுவது என்பதில் அந்த 6 லட்சம் மறுபடி வரும். 48-இல் 20 என்று எழுதினால் சித்திக்கு ஏறக்குறைய 42 சதவீதம், 54-இல் 20 என்றால் 37. வருட வாடகையில் இது 7,000 ரூபாய் வித்தியாசம்தான். 60 லட்சத்துக்கு விற்கும் நாளில் அது 2 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிடும். போட்டது எல்லாமே முதல்தான் என்று 54-ஐ வைத்து எழுதுவதே இருவருக்கும் நியாயம் என்பது என் கருத்து. அதையும் அந்தத் தாளில் முன்பே எழுதிவிடுங்கள். ஒருவர் மட்டும் வெளியேற விரும்பினால் வீட்டுக்கு யார் விலை போடுவது, மற்றவர் எத்தனை மாதத்தில் பணம் தருவது என்பதும் அதில் இருக்கட்டும்.

சித்தியின் பங்கு அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உங்கள் கடிதத்தில் அவருடைய பிள்ளைகளைப் பற்றி எதுவும் இல்லை. இருந்தால், அந்தத் தாளை அவர்கள் முன்னிலையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரில் போய் உட்கார்ந்து, படித்து முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். பிறகு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். இந்த வீட்டுக்குத் தரகர் அத்தனை நாள் பொறுக்கமாட்டேன் என்றால், சித்தியின் பணம் இல்லாமல் உங்களால் வாங்கக்கூடிய வீட்டைத் தேடுங்கள்.